திருத்திய பிறகும் அது அவள் கடிதமாக இருக்க வேண்டும்

தோழியின் தங்கை ஒரு மின்னஞ்சலை இரண்டு வடிவத்தில் எனக்கு அனுப்பியிருந்தாள். இந்த வருடம்தான் தாவரவியலில் பட்டம் முடித்தவள். தாவரங்களைப் பற்றி வெளிவரும் ஒரு மாத இதழுக்கு ஆவண உதவியாளர் தேவை என்று பார்த்து விண்ணப்பிக்கிறாள். தமிழிலேயே எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வடிவம் அவளாக எழுதியது. இன்னொன்று அவளுடைய சித்தப்பா திருத்திக் கொடுத்தது. "எதை அனுப்பட்டும் அக்கா? சித்தப்பா எழுதினதுல ஒரு பிழைகூட இல்ல. ஆனா படிச்சா வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

பல வருடங்களாக மெய்ப்புப் பார்க்கிறேன். பிழை திருத்துவதும் மெருகேற்றுவதும் ஒரே வேலை என்று நினைப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அப்படி நினைப்பதில் ஏதோ சரியில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும், ஆனால் எங்கே சரியில்லை என்று எடுத்துச் சொல்ல வந்ததில்லை. இந்த இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் அதைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தருகிறேன். அதில் வரும் உலர்தாவரத் தொகுப்பு என்பது, செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டி, பெயர்ச்சீட்டோடு பாதுகாத்து வைப்பது.

> பொருள்: வேலை சம்மந்தமாக
>
> மதிப்பிற்குறிய ஐயா/அம்மா,
>
> வணக்கம். நான் இந்த வருடம் தாவரவியல் முடித்தேன். உங்கள் இதழில் ஆவண உதவியாளர் பனிக்கு ஆள் தேவை என்று பார்த்தேன். அதற்க்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> எனக்கு வேலை அனுபவம் கிடையாது. ஆனால் எங்கள் துறையில் ஒரு அலமாரி முழுக்க உலர் தாவர தொகுப்பு இருக்கிறது. யாரும் தொட மாட்டார்கள். நானும் என் தோழியும் சேர்ந்து 140 தாள்களுக்கு புதிய பெயர்சீட்டு எழுதினோம். அதில் 30 தவறாக இருந்தது கண்டுபிடித்து திருத்தினேன். செடி தப்பாக இருக்காது, பெயர் தான் தப்பாக இருக்கும் என்று அப்போது தான் புரிந்தது.
>
> ஆங்கில அறிவியல் பெயர்களை எழுத்து பிழை இல்லாமல் எழுதுவேன். தமிழில் வேகமாக தட்டச்சு செய்வேன். புது வேலை கற்றுகொள்ள எனக்கு நேரம் ஆகும், ஆனால் கற்றுகொண்டால் மறக்க மாட்டேன்.
>
> தங்கள் பதிலுக்கு காத்திருக்கிறேன். சுயவிவரம் இணைத்துள்ளேன்.
>
> பனிவுடன்

சித்தப்பாவின் வடிவத்தில் நடுப்பத்தி இப்படி மாறியிருந்தது:

> எங்கள் துறையின் உலர்தாவரத் தொகுப்பை மேம்படுத்தும் திட்டத்தில் முக்கியப் பங்காற்றினேன். அப்போது முப்பதுக்கும் மேற்பட்ட பிழைகள் என்னால் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டன. கடின உழைப்பும் குழுவாக இணைந்து செயலாற்றும் திறனும் கொண்ட எனக்கு வாய்ப்பளித்தால், தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உறுதுணையாக இருப்பேன்.

ஒற்றுப்பிழைகூட இல்லை. அவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற பதற்றம் ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது. ஆனால் என்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். அலமாரி போய்விட்டது. தோழி போய்விட்டாள். 140 என்ற எண் போய்விட்டது. 30 என்பது "முப்பதுக்கும் மேற்பட்ட" ஆகிவிட்டது. செடியையும் பெயரையும் பற்றி அவளுக்குப் புரிந்த அந்த ஒரு விஷயம் மொத்தமாகப் போய்விட்டது. "கடின உழைப்பு" என்று தொடங்கும் வாக்கியமோ கணக்காளர் வேலைக்கும் பொருந்தும், காவலாளி வேலைக்கும் பொருந்தும். நூறு விண்ணப்பங்களைப் படிக்கும் ஒருவர் அந்த வரியைக் கண்ணால் தாண்டிவிடுவார்.

## கேட்காமலே திருத்தியவை

அவளுடைய வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். முதலில் யாரிடமும் கேட்கத் தேவையில்லாத பிழைகள். "மதிப்பிற்குறிய" என்பது "மதிப்பிற்குரிய". "சம்மந்தமாக" என்பது "சம்பந்தமாக". "அதற்க்கு" என்பதில் ற் என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது, "அதற்கு" போதும். "பனிக்கு", "பனிவுடன்" இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்று நினைக்கிறேன். பல ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளில் ணகரத்துக்கு மேல்நிலை விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும், வேகத்தில் அது விட்டுப்போகும். "பனி" என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லே என்பதால் பிழை திருத்தி மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. இந்த வகைப் பிழைகளைக் கண்டுபிடிக்க மடலைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிப் படிப்பேன். கருத்து ஓட்டம் அறுந்துவிடுவதால் கண் எழுத்தில் நிற்கும்.

அப்புறம் ஒற்று. "தாள்களுக்குப் புதிய", "கண்டுபிடித்துத் திருத்தினேன்", "வேகமாகத் தட்டச்சு", "பதிலுக்குக் காத்திருக்கிறேன்", "எழுத்துப் பிழை", "பெயர்ச்சீட்டு", "கற்றுக்கொள்ள". "பெயர் தான்", "அப்போது தான்" என்று பிரித்து எழுதியதைச் சேர்த்தேன். "உலர் தாவர தொகுப்பு" என்பதை "உலர்தாவரத் தொகுப்பு" ஆக்கினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவேன் என்று சொல்லும் வாக்கியத்திலேயே ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. இதழ் நடத்துபவர்களின் கண் முதலில் போய் விழுவது அங்கேதான்.

இவற்றில் எதுவும் அவள் குரலைத் தொடவில்லை. வாய்விட்டுப் படித்தால் முன்பு கேட்டது போலவேதான் கேட்கும். எனக்கு இதுதான் அளவுகோல். ஒரு திருத்தத்தைச் செய்த பிறகு வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கிறேன், அதே ஆள் பேசுவதாகக் கேட்டால் அது பிழைதிருத்தம், வேறு ஆள் பேசுவதாகக் கேட்டால் அதை எழுதியவரிடம் கேட்காமல் செய்ய எனக்கு உரிமை இல்லை.

"ஒரு அலமாரி" இந்த எல்லையில் நின்றது. உயிரெழுத்துக்கு முன்னால் "ஓர்" வர வேண்டும் என்பது விதி, நானும் என் கட்டுரைகளில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் "யாரும் தொட மாட்டார்கள்", "தப்பாக இருக்காது" என்று எழுதும் ஒருத்தியின் வாயில் "ஓர் அலமாரி" விறைப்பாக ஒலித்தது. இன்றைய உரைநடையில் "ஒரு" பரவலாகவே வருகிறது. விதியை அவளுக்குச் சொல்லி, முடிவை அவளிடம் விட்டேன். அவள் "ஒரு" என்றே வைத்துக்கொண்டாள்.

"உங்கள்", "தங்கள்" இரண்டும் கலந்து வந்திருந்ததற்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த கடித மாதிரியிலிருந்து "தங்கள்" வந்திருக்கிறது, அவளுடைய சொந்தப் பேச்சிலிருந்து "உங்கள்" வந்திருக்கிறது. இரண்டுமே மரியாதைதான், ஆனால் ஒரே மடலில் இரண்டும் வந்தால் பாதியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மாதிரி தெரியும். முழுக்க "உங்கள்" ஆக்கினோம்.

## ஒரு பயனிலை கேட்ட கேள்வி

இப்போது அந்த இடம். "அதில் 30 தவறாக இருந்தது கண்டுபிடித்து திருத்தினேன்."

இலக்கணப்படி திருத்துவது எளிது. முப்பது என்பது பன்மை. "அவற்றில் 30 தவறாக இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தினேன்." ஒற்றையும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். அப்படிப் போகவும் இருந்தேன். ஆனால் "இருந்தது" என்பதை "இருந்தன" ஆக்கும்போது எவை இருந்தன என்று கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்? "அவற்றில்" என்பது எதைக் குறிக்கிறது? முந்தைய வாக்கியத்தில் இருப்பது அவளும் தோழியும் எழுதிய 140 புதிய சீட்டுகள். அப்படியானால் இவர்கள் எழுதியதிலேயே 30 தவறா? அப்படிப் படித்தால், பெயர் எழுதும் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருத்தி தான் எழுதிய பெயர்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தவறு என்று தானே சொல்வதாக ஆகிவிடும். இல்லை, தோழி எழுதியவற்றில் இவள் கண்டுபிடித்தாளா? அல்லது ஏற்கெனவே ஒட்டியிருந்த பழைய சீட்டுகளா?

மூன்றாவதுதான் என்று ஊகித்து எழுதியிருக்கலாம். சித்தப்பா கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருக்கிறார். நான் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"பழைய சீட்டுதான் அக்கா" என்றாள். "எல்லாமே தப்புன்னு சொல்ல முடியாது. இப்ப ஆவாரம் இருக்குல்ல, அதுல காசியா ஆரிகுலேட்டான்னு எழுதியிருந்தது. எழுதினப்ப அது சரிதான். அப்புறம் அந்தச் செடியைச் சென்னான்னு வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்க. அந்த மாதிரி 22. நிஜமாவே தப்புன்னா 8தான். கீழாநெல்லின்னு எழுதியிருக்கும், பாத்தா அதே பேரினத்துல வேற செடி."

"திருத்தினேன்னு போட்டிருக்கியே, பழைய சீட்டை என்ன பண்ணீங்க?"

"ஐயோ, அதைத் தொடவே கூடாது. அது அப்படியே இருக்கும். பக்கத்துல புதுச் சீட்டு ஒட்டி, பேரு, யாரு பாத்தது, எந்தத் தேதின்னு எழுதணும். அந்த எட்டையும் எங்க மேடம் செடியைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

உலர்தாவரத் தொகுப்பில் பழைய சீட்டு ஒரு சான்று. ஒரு செடியை யார் எப்போது என்னவென்று நினைத்தார்கள் என்பதும் அந்தத் தாளின் வரலாற்றில் சேர்த்தி. பின்னால் வருபவர் வேறு முடிவுக்கு வந்தால், தன் முடிவை இன்னொரு சீட்டாகச் சேர்க்கிறார், முந்தையதைக் கிழிப்பதில்லை. தாவரவியல் இதழ் நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "30 பிழைகளைத் திருத்தினேன்" என்று வெறுமனே படித்தால் அவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி, இந்தப் பெண் பழைய சீட்டுகளை என்ன செய்தாள் என்பதாகத்தான் இருக்கும். அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். மடலில்தான் அது இல்லை.

30 என்ற எண்ணும் இப்போது நிற்கவில்லை. 22 பழைய பெயர்கள், 8 தவறுகள். சித்தப்பா வடிவத்தின் "முப்பதுக்கும் மேற்பட்ட பிழைகள்" நேர்காணலில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "அப்படியா, எந்த மாதிரிப் பிழைகள்?" என்று ஒருவர் இயல்பாகக் கேட்பார். அவள் எட்டைச் சொல்லிவிட்டு, மற்றவை பிழையே இல்லை என்று விளக்க வேண்டி வரும். உண்மையைச் சொல்கிற நேரத்தில் மழுப்புகிறவளாகத் தெரிவாள்.

மெருகேற்றுவதில் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போது தெளிந்தது. நடை மாறும்போது தகவலும் கூடவே நகர்கிறது. "சேர்ந்து எழுதினோம்" என்பது "முக்கியப் பங்காற்றினேன்" ஆகும்போது ஒருத்தி செய்த வேலையின் அளவு மாறிவிடுகிறது. "என்னால் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டன" என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் அவளுடைய கல்லூரி ஆசிரியரின் சரிபார்ப்பு மறைந்துவிடுகிறது. எழுதியவளின் குரலை வைத்துக்கொள்வது அழகுக்காக மட்டும் என்றுதான் நானும் பல நாள் பேசி வந்திருக்கிறேன். இந்த மடலில் அவளுடைய தட்டையான சொற்கள்தான் உண்மையை உள்ளபடி பிடித்து வைத்திருந்தன.

## அவள் சொன்னதையே எழுதச் சொன்னேன்

தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னேன். பேச்சு வழக்கை எழுத்துக்கு மாற்றுவது மட்டும் என் வேலை. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டேன். "யாரும் தொட மாட்டார்கள்" என்ற வரி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது துறையைக் குறை சொல்வதாகப் படிக்கப்படலாம். பரிந்துரைக்காக அந்த ஆசிரியரையே நாளை அழைக்கவும் கூடும். எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "குறையெல்லாம் இல்ல அக்கா. தாள் ரொம்பப் பழசு, தொட்டா உதிர்ந்துடும்னு பயம்" என்றாள். அந்தக் காரணத்தை வாக்கியத்துக்குள் கொண்டுவந்ததும் குற்றச்சாட்டாக இருந்தது தகவலாகிவிட்டது. அவளுடைய மூன்று சொற்களும் அதே இடத்தில் இருந்தன.

> எங்கள் துறையில் ஒரு அலமாரி முழுக்க உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. தாள்கள் மிகவும் பழையவை, தொட்டால் உதிர்ந்துவிடும் என்று யாரும் தொட மாட்டார்கள். நானும் என் தோழியும் சேர்ந்து 140 தாள்களுக்குப் புதிய பெயர்ச்சீட்டு எழுதினோம். அப்போது, 8 தாள்களில் வேறு செடியின் பெயர் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். எங்கள் ஆசிரியர் அந்த எட்டையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். இன்னும் 22 தாள்களில் இருந்தவை இப்போது மாறிவிட்ட பழைய பெயர்கள். பழைய சீட்டு எதையும் எடுக்கவில்லை, பக்கத்தில்தான் புதியதை ஒட்டினோம். செடி தப்பாக இருக்காது, பெயர்தான் தப்பாக இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசி வாக்கியத்தில் "தப்பாக" என்பதைத் "தவறாக" என்று மாற்றலாமா என்று ஒரு கணம் கை போனது. மாற்றவில்லை. "தப்பு" பேச்சில் புழங்கும் சொல், விண்ணப்பத்தில் வரக்கூடாத சொல் இல்லை. அந்த வரி இரண்டு முறை அந்தச் சொல்லைச் சொல்லி நடக்கிறது, அந்த நடைதான் அதன் உயிர்.

மூன்றாவது பத்தியில் இலக்கணம் சம்பந்தமில்லாத ஒரு பிழை இருந்தது. "ஆங்கில அறிவியல் பெயர்கள்." தாவரங்களின் அறிவியல் பெயர்கள் லத்தீன் வடிவில் அமைந்தவை, ஆங்கிலம் அல்ல. அவளுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும், ரோமன் எழுத்தில் எழுதுவதை மனதில் வைத்துக்கொண்டு அவசரத்தில் போட்டிருக்கிறாள். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆங்கில" என்ற சொல்லை எடுத்ததோடு சரி. பேரினப் பெயரின் முதலெழுத்து பெரியது, சிற்றினப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் தெரியும் என்று விரித்து எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தத் துறையில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

"கற்றுக்கொள்ள எனக்கு நேரம் ஆகும், ஆனால் கற்றுக்கொண்டால் மறக்க மாட்டேன்" என்ற வரியைச் சித்தப்பா முழுக்க நீக்கியிருந்தார். நான் ஒற்றைத் தவிர எதையும் தொடவில்லை. ஆவணம் பார்க்கிற வேலைக்கு வேகத்தைவிட மறக்காமல் இருப்பதுதான் பெரிய தகுதி.

## இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டும்

மடலைத் திருத்தி முடித்ததும் சுயவிவரத்தையும் அனுப்பச் சொன்னேன். கோப்பின் பெயர் `Document1 (3).pdf` என்று இருந்தது. பெறுபவரின் கணினியில் அப்படி எத்தனையோ கோப்புகள் கிடக்கும், யாருடையது என்று தெரியாது. அவள் பெயரையும் பணியின் பெயரையும் வைத்து மாற்றினோம். உள்ளே திறந்தால் "150க்கும் மேற்பட்ட தாள்கள்" என்று இருந்தது. அதுவும் வீட்டில் யாரோ முழுமையாக்கிய எண். மடலில் 140, இணைப்பில் 150. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு எதை நம்புவது என்று தெரியாது, அதனால் இரண்டையுமே நம்ப மாட்டார். 140 என்றே மாற்றச் சொன்னேன். தொலைபேசி எண்ணையும் ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தேன். "பொருள்" வரியில் "வேலை சம்பந்தமாக" என்பதை எடுத்துவிட்டு "ஆவண உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்" என்று போட்டு, பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்தோம். "பணிவுடன்" என்பதற்குக் கீழே பெயரே இல்லாமல் இருந்ததையும் அப்போதுதான் கவனித்தோம்.

மீதி இருந்தது ஒரே வாக்கியம். "எனக்கு வேலை அனுபவம் கிடையாது." சித்தப்பாவுக்கு அதில்தான் பெரிய வருத்தம். அவரும் அன்று தொலைபேசியில் வந்தார். "அதை நாமே எதுக்கும்மா சொல்லணும்? கேட்டா சொல்லிக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த வரி பத்தியின் முதலில் நிற்பது சரியாகப் படவில்லை. இல்லாததைச் சொல்லித் தொடங்கினால், அடுத்து வரும் அலமாரிகூட ஏதோ சமாதானம் சொல்வது போல ஆகிவிடுகிறது. ஆனால் அதை நீக்குவதா வைப்பதா என்பது ஒற்றுப்பிழை மாதிரி நான் முடிவு செய்கிற விஷயம் இல்லை. தன்னைப் பற்றி எதைச் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள். என் கருத்தைச் சொன்னேன், சித்தப்பா தன் கருத்தைச் சொன்னார், அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து எழுதி அனுப்பினாள். வரி பத்தியின் முதலிலிருந்து இறங்கி, கற்றுக்கொள்வதைப் பற்றிய வாக்கியத்துக்கு முன்னால் வந்திருந்தது. "கல்லூரிக்கு வெளியே இதுவரை வேலை பார்த்ததில்லை. புது வேலை கற்றுக்கொள்ள எனக்கு நேரம் ஆகும், ஆனால் கற்றுக்கொண்டால் மறக்க மாட்டேன்." அதில் நான் திருத்த எதுவும் இருக்கவில்லை. அனுப்பிவிடு என்றேன்.